அலுவலகத்தின் அஞ்சலிக் கடிதம்: அச்சுக்கு அனுப்ப முன் கேட்கவேண்டியவை

2019ஆம் ஆண்டு கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை செய்தேன். ஊடகக் கற்கை படித்தவன் என்பதால் அறிக்கை, அழைப்பிதழ், பதாதை என்று தமிழில் எழுதவேண்டிய எல்லாம் என் மேசைக்கே வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணக்குப் பகுதியில் வேலை செய்த அக்காவின் தாயார் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தது. மத்தியானத்துக்குள் பதாதை கட்டவேண்டும் என்று முகாமையாளர் சொன்னார். அரை மணித்தியாலத்தில் எழுதி அச்சகத்துக்கு அனுப்பினேன்.

நான் எழுதியது இதுதான்: "எமது நிறுவனத்தின் கணக்கு உத்தியோகத்தர் அவர்களின் அன்புத் தாயாரும், காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு அன்னையுமான அமரர் இன்னார் அவர்களின் மறைவால் துயருறும் குடும்பத்தினருக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கிறோம். முகாமையாளரும் ஊழியர்களும்."

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதும், இப்போது அவர் வீட்டில் இல்லை என்பதும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். "தம்பியும் இல்லைத்தானே, அவற்றை பேரையும் போடுவம்" என்று ஒருவர் சொன்னார். நான் "காலஞ்சென்ற" என்று தட்டச்சுச் செய்தேன். பின்னேரம் செத்தவீட்டுக்குப் போனபோது எங்கள் பதாதை படலையில் இருக்கவில்லை. மதிலோரம் மடித்து, எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. "பத்து வருசமா அம்மா வாய் திறந்து சொல்லாத சொல்லை ஒரே நாளில அச்சடிச்சுக் கொண்டுவந்திட்டியள்" என்றார்.

2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்து அந்தத் தாய் தன் மகனைப் படையினரிடம் கையளித்திருந்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தொடங்கிய போராட்டத்தில் முதல் வாரத்திலிருந்தே அவர் இருந்தார். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவருடைய அஞ்சலிப் பதாதையில், மகன் இறந்துவிட்டான் என்று நாங்கள் தீர்ப்பு எழுதியிருந்தோம்.

அதற்குப் பிறகு பல அலுவலகங்களுக்கு இப்படியான கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பதாதை ஞாபகத்துக்கு வரும். முகாமையாளரும் ஊழியர்களும் சேர்ந்து சக ஊழியருக்கு அனுதாபம் தெரிவிக்கும்போது எதைக் கேட்கவேண்டும், எதை எழுதவேண்டும், எதை விடவேண்டும் என்று அந்தத் தவறிலிருந்து நான் கற்றுக்கொண்டவை இவை.

பதாதை வேறு, கடிதம் வேறு

எமது பகுதிகளில் அலுவலகத்தின் அனுதாபம் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று ஊருக்குத் தெரிவது: படலையிலோ சந்தியிலோ கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாதை, மதிலில் ஒட்டும் துண்டுப்பிரசுரம், பத்திரிகையில் வரும் அனுதாபச் செய்தி. மற்றையது சக ஊழியரின் கையில் கொடுக்கும் கடிதம். பெரும்பாலான அலுவலகங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

பதாதையின் வேலை சிறியது. இந்த அலுவலகம் இந்தக் குடும்பத்தின் துயரில் பங்குகொள்கிறது என்று வந்துபோகிறவர்களுக்குச் சொல்வது மட்டுமே. அதனால் அதில் இறந்தவரின் பெயர், எமது ஊழியருக்கு அவர் என்ன முறை, அனுதாபம், யார் தெரிவிக்கிறார்கள் என்ற நான்கும் போதும். குடும்ப விபரம் முழுவதையும் சொல்வது மரண அறிவித்தலின் வேலை. காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று நீளும் வரிசையைக் குடும்பம் தானே இருந்து எழுதும். நான் அந்த வரிசையின் ஒரு துண்டை எடுத்து எங்கள் பதாதையில் வைத்ததுதான் முதல் பிழை. அது எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

நிறுவனத்தின் இலச்சினை பற்றியும் ஒரு சொல். இறந்தவரின் பெயரைவிட இலச்சினை பெரிதாக இருந்தால் அந்தப் பதாதையை ஊர் விளம்பரமாகத்தான் பார்க்கும். கீழே ஒரு மூலையில் சிறிதாக இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

துயரில் இருக்கும் ஊழியரிடமே தொலைபேசியில் எழுத்துப்பிழை பார்க்கக்கூடாது. அந்த வீட்டில் காரியம் பார்க்கிற ஒருவர் இருப்பார்: மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், அல்லது வீட்டுக்கு நெருக்கமாகப் பழகும் சக ஊழியர். அவரிடம் குடும்பம் வெளியிட்ட மரண அறிவித்தலைக் கேட்டு வாங்கவேண்டும். பெயர், முதலெழுத்து, திகதி எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கவேண்டும். அலுவலகக் கோப்பில் இருக்கும் பெயர் அடையாள அட்டைப் பெயராக இருக்கும். ஊர் அவரை வேறு பெயரால் அறிந்திருக்கலாம்.

அறிவித்தல் இன்னும் வெளியாகவில்லை என்றால் அலுவலகமும் பொறுக்கவேண்டும். வைபர் குழுவில் ஒருவர் செய்தியைப் போட, இன்னொருவர் அதைப் படத்தோடு முகநூலில் போட, கனடாவிலோ சுவிஸிலோ இரவு வேலையில் நிற்கும் மகன் தாயின் இறப்பைக் கையடக்கத் தொலைபேசியில் அப்படியே காணும் நிலை எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லியாயிற்றா என்பதுதான் காரியம் பார்ப்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சமயம். எமது அச்சகங்களின் கணினிகளில் ஒரே மாதிரி உருதான் இருக்கும்: மேலே விளக்கு, கீழே "ஓம் சாந்தி". கத்தோலிக்க வீட்டுக்கு "அன்னாரின் ஆன்மா இறைவனில் இளைப்பாற மன்றாடுகிறோம்" என்பது பொருந்தும். புரட்டஸ்தாந்து சபைகளைச் சேர்ந்த பலர் இறந்தவரின் ஆன்மாவுக்காக மன்றாடுவதில்லை. அவர்களுக்குக் குடும்பத்தினருக்கு ஆறுதல் வேண்டி எழுதுவதே சரி. முஸ்லிம் சக ஊழியரின் வீட்டில் ஜனாஸா பெரும்பாலும் அன்றைக்கே நல்லடக்கம் செய்யப்பட்டுவிடும். படம் போட்ட பதாதை அங்கே வழக்கமில்லை. நேரில் போய்க் கடிதத்தைக் கொடுப்பதுதான் முறை. எதுவும் உறுதியாகத் தெரியாவிட்டால் சமயச் சொல் எதுவுமில்லாமல் "உங்கள் துயரில் நாங்களும் பங்குகொள்கிறோம்" என்று நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

மூன்றாவது கேள்வி படம். எந்தப் படத்தைப் போடலாம் என்பதைக் குடும்பம்தான் சொல்லவேண்டும். முகநூலில் கிடைத்த படத்தை வெட்டி எடுத்துப் போடும்போது, அந்தப் படத்தில் பக்கத்தில் நின்றவர் யார், அது எந்தக் காலத்துப் படம் என்பது எங்களுக்குத் தெரியாது. சில வீடுகளில் சில படங்கள் வெளியே வராமல் இருப்பதற்குக் காரணம் இருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயர்

நான்காவது கேள்வி, நான் கேட்காமல் விட்டது. இந்த வீட்டில் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் இருக்கிறாரா? அவரைக் குடும்பம் எப்படிக் குறிப்பிடுகிறது?

இதற்குச் சட்டத்தில் பதில் தேடமுடியாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமல்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லாத ஒருவரின் மரணத்தைக் குடும்பம் பதிவு செய்ய இடமிருந்தது. மகன் இறந்தான் என்று கையெழுத்து வைக்கப் பல தாய்மார் மறுத்தார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்று கொண்டுவரப்பட்டது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே காணி, வங்கி, கொடுப்பனவு அலுவல்களைக் குடும்பம் பார்ப்பதற்காக அது வந்தது. அதையும் வேண்டாம் என்று விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒழுங்கையில் மரணச் சான்றிதழ் எடுத்த வீடும், காணப்படாமைக்கான சான்றிதழ் எடுத்த வீடும், இரண்டும் எடுக்காத வீடும் இருக்கலாம்.

சான்றிதழை வைத்தும் முடிவு செய்யமுடியாது. பிள்ளைகளின் படிப்புக்காகவோ கொடுப்பனவுக்காகவோ மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டு, வீட்டில் இன்னமும் அவருக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிற தாயை எனக்குத் தெரியும். மறுபக்கமாக, ஒவ்வொரு மே 18க்கும் விளக்கேற்றி, திதி கொடுத்து, இறந்துவிட்டார் என்று மனதை ஆற்றிக்கொண்ட வீடும் உண்டு. அந்த வீட்டுக்குப் போய் நாங்கள் "காணாமல் ஆக்கப்பட்ட" என்று எழுதினால் ஆறிய புண்ணைத் திறந்ததாகும். ஆகவே "காலஞ்சென்ற" என்பதும் "காணாமல் ஆக்கப்பட்ட" என்பதும் அலுவலகம் தெரிவு செய்யும் சொற்கள் அல்ல. குடும்பம் தன் அறிவித்தலில் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறதோ அதுவே. அறிவித்தலில் எந்த அடைமொழியும் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் எங்கள் தாளிலும் அப்படியே. கேட்க வசதியில்லை என்றால் அந்தப் பெயரை விட்டுவிடலாம். விட்டதற்காக எவரும் கோபித்து நான் காணவில்லை.

திருத்தி எழுதிய கடிதம்

அன்று இரவே முகாமையாளரும் நானும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டோம். பதாதையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தோம். புதிதாக இன்னொன்று கட்டவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்காவின் மச்சானிடம் கேட்கவேண்டியவற்றைக் கேட்டுவிட்டு இந்தக் கடிதத்தை எழுதினேன். முகாமையாளர் தன் கையால் படி எடுத்தார். எட்டுச்செலவு முடிந்த பிறகு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அம்மா எங்களுக்கும் தெரிந்தவர். நீங்கள் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்த நாட்களில் அந்த வெயிலில் பஸ் ஏறி வந்து, காவலாளி ஐயாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிவிடுவார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தபோது எங்கள் ஒவ்வொருவரின் ஊரையும் கேட்டார். அடுத்தமுறை வந்தபோது ஒருவரின் ஊரையும் அவர் மறந்திருக்கவில்லை.

மகனுக்காக அவர் தெருவோரம் இருந்த நாட்களையும் நாங்கள் அறிவோம். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது எங்களுக்கும் வேதனை. அதை அறிந்திருந்தும் பிழையான ஒரு சொல்லை நாங்கள் எழுதிவிட்டோம். எங்களை மன்னிக்கவேண்டும்.

எட்டுச்செலவு வரையான நாட்கள் சம்பளத்துடன் கூடிய லீவாகப் பதியப்பட்டுள்ளன. அந்தியேட்டிக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்குமாக மேலும் இரண்டு நாட்கள் அவ்வாறே தரப்படும். மாத முடிவுக் கணக்கை உங்கள் பக்கத்து மேசையில் இருப்பவர் முடிக்கிறார். அதுபற்றி உங்களை யாரும் அழைக்கமாட்டார்கள். அந்தியேட்டிச் செலவுக்குச் சம்பள முற்பணம் தேவையானால் மச்சானிடம் சொல்லிவிடுங்கள், படிவம் பிறகு பார்க்கலாம்."

கீழே முகாமையாளரும் பதினொரு ஊழியர்களும் தத்தமது கையால் பெயர் எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

இந்தக் கடிதத்தில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதல் பகுதி ஊழியர்களுடையது. அலுவலகத்தில் உள்ளவர்கள் உண்மையிலேயே கண்ட ஒரு விடயத்தைச் சொல்கிறது. இதை எழுத நான் கற்பனை செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும் போய் "அம்மாவைக் கண்டிருக்கிறீர்களா, எங்கே?" என்று கேட்டேன். ஐந்து பேர் சாப்பாட்டுப் பையைச் சொன்னார்கள். "அன்பும் பண்பும் நிறைந்தவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்ற வரிகளை எந்த வீட்டுக்கும் எழுதலாம் என்பது வாசிப்பவருக்கும் தெரியும். இறந்தவரை அலுவலகத்தில் எவரும் காணாதிருந்தால் பொய்யாகப் பழக்கம் காட்டத் தேவையில்லை. "உங்கள் அப்பாவை நாங்கள் கண்டதில்லை. நீங்கள் அவரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்" என்பதே போதும்.

இரண்டாவது பகுதியைச் சேர்க்கலாமா என்று மச்சானிடம் முன்கூட்டியே கேட்டோம். அவர் அக்காவிடம் கேட்டுச் சொன்னார். சேர்க்கச் சொல்லாவிட்டால் மன்னிப்பு வரி மட்டும் நின்றிருக்கும். மரணத்துக்கான காரணம், நோய், கடைசி நேரம் பற்றி எதுவும் எழுதவில்லை. தற்கொலை, விபத்து, வெடிபொருள் என்று காரணம் கடினமாக இருக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். "விதி", "கொடுத்து வைத்தது அவ்வளவுதான்", "வயது போனவர்தானே" என்ற சொற்களும் கூடாது.

மூன்றாவது பகுதியை முகாமையாளர் மட்டுமே எழுதமுடியும். அனுதாபக் கடிதத்தில் லீவைப் பற்றி எழுதுவது அழகில்லை என்று எங்கள் முகாமையாளர் முதலில் தயங்கினார். ஆனால் செத்தவீட்டில் இருக்கும் ஊழியரின் மனதில் அந்தக் கேள்வி இருக்கத்தான் செய்யும்: எத்தனை நாள் நிற்கலாம், சம்பளம் வெட்டுவார்களா, என் வேலையை யார் பார்க்கிறார்கள்? "என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று எழுதினால் கேட்கும் பாரம் அவர் தலையில்தான் விழுகிறது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பவர்கள் குறைவு. நாளைச் சொல்லி, ஆளைச் சொல்லி எழுதினால் அவர் ஒன்றையும் கேட்கவேண்டியதில்லை. முகாமையாளர் தன்னால் நிறைவேற்றக்கூடியதை மட்டுமே எழுதவேண்டும். தலைமை அலுவலகத்தின் அனுமதி தேவையென்றால் முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் எழுதவேண்டும். எழுதிவிட்டுப் பிறகு சம்பளத்தில் கழித்த நிறுவனங்களைக் கண்டிருக்கிறேன். அந்த ஊழியர்கள் கடிதத்தைக் கிழித்தெறிந்தார்கள்.

தமிழ் தெரியாத மேலதிகாரி கொழும்பில் இருந்தால், அவருக்காக நாங்கள் அலங்காரத் தமிழில் ஒரு கடிதம் புனைய வேண்டாம். அவர் தனக்குத் தெரிந்த மொழியில் இரண்டு வரி எழுதட்டும். கீழே அதன் பொருளைத் தமிழில் எழுதி, மொழிபெயர்த்தவர் தன் பெயரையும் போடலாம். குழுவில் "ஆர்.ஐ.பி" என்று மூன்றெழுத்து அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

எப்போது கொடுப்பது

பதாதை பூதவுடல் எடுக்க முன் போகவேண்டும். கடிதத்துக்கு அந்த அவசரம் இல்லை. செத்தவீட்டன்று கொடுத்தால் அது யாரோ ஒருவரின் சட்டைப்பையில் கிடந்து தொலையும். சைவ வீடுகளில் எட்டுச்செலவுக்குப் பிறகு சனம் குறைந்து, வீடு வெறிச்சோடும் நாட்களில்தான் அதை வாசிக்க நேரம் வரும். இரண்டு மூன்று பேர் போனால் போதும். துக்கம் விசாரித்துவிட்டு எழும்பும்போது "போயிட்டு வாறம்" என்று சொல்லாமல் எழும்புவது எங்கள் வழக்கம். தெற்கிலிருந்து வந்த சக ஊழியர்கள் கூட வந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முப்பத்தொராம் நாளுக்கு வெளியிடும் கல்வெட்டுக்கு அலுவலகத்திடம் ஒரு அனுதாபச் செய்தி கேட்பது உண்டு. அப்போது கையில் கொடுத்த கடிதத்தை அப்படியே அனுப்பக்கூடாது. லீவும் முற்பணமும் ஊர் வாசிக்க எழுதப்பட்டவை அல்ல. முதல் பகுதியை மட்டும் எடுத்து, குடும்பத்திடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம்.

அக்கா ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்று கிழமை கழித்து, கல்வெட்டுக்கு என்று சாப்பாட்டுப் பையைப் பற்றிய பந்தியை மட்டும் கேட்டு வாங்கினார். அந்தியேட்டியன்று கல்வெட்டு என் கைக்கு வந்தபோது முதலில் பிள்ளைகளின் வரிசையைத்தான் பார்த்தேன். மூன்றாவதாக அந்தத் தம்பியின் பெயர் இருந்தது. அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சொல்லும் இல்லை.